வாசிப்பு எங்கே தடுக்குகிறது?

முதியோர் எழுத்தறிவு மையத்தில் சேர வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க." திருப்பூர் போன்ற ஒரு தொழில் நகரத்தில் இதைச் சொல்கிறவர்கள் யார் யார் என்று பாருங்கள். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டு, அதற்கப்புறம் புத்தகத்தையே தொடாத அம்மா ஒருவர். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல், கையெழுத்து மட்டும் போடப் பழகிக்கொண்டவர் இன்னொருவர். ஒடிசாவில் எட்டாவது வரை படித்து, இங்கே பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டு, பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாமல் தவிக்கிற இளைஞர் ஒருவர். நாலு பேரை உட்காரவைத்து முதல் பாடத்தின் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தால், இரண்டாவது வாரத்திலேயே பாதிப் பேர் வரமாட்டார்கள். தெரிந்ததையே திரும்பக் கேட்டுச் சலித்துப்போனவரும் போய்விடுவார், பக்கத்தில் இருப்பவர் கடகடவென்று சொல்வதைப் பார்த்துக் கூசிப்போனவரும் போய்விடுவார்.

அதனால்தான் சேர்க்கும் நாளில் ஒரு வாசிப்புச் சோதனை தேவைப்படுகிறது. இது பரீட்சை அல்ல. 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் ஓர் அளவுகோல் வைத்திருந்தது. படிப்பு முடிந்தவர் நிமிடத்துக்கு 30 சொற்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும், 35 சொற்களை மனத்துக்குள் படிக்க வேண்டும் என்றது அது. இப்போதைய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50 என்று மொத்தம் 150 மதிப்பெண். இரண்டுமே ஒருவர் கரை சேர்ந்தாரா என்று பார்க்கிறவை. சேர்க்கைச் சோதனைக்கு அந்தக் கேள்வியே கிடையாது. இவருடைய வாசிப்பு எந்த இடத்தில் தடுக்குகிறது என்பது ஒன்றைத்தான் அது கண்டுபிடிக்க வேண்டும். இருபதுக்கு எட்டு வாங்கினார் என்ற தகவலை வைத்துக்கொண்டு ஆசிரியர் நாளைக் காலையில் எதையும் நடத்த முடியாது.

"எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?" என்ற கேள்வியும் பெரிதாக உதவாது. ஐந்தாவது வரை போனவர் எல்லாவற்றையும் மறந்திருக்கலாம். பள்ளிக்கே போகாதவர் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துப் பார்த்துப் பாதி எழுத்துகளைக் கற்றிருக்கலாம். குழந்தைகளுக்கான வாசிப்புச் சோதனையை அப்படியே எடுத்து வைப்பதும் சரிவராது. குழந்தைக்குச் சொல்லும் புதிது, எழுத்தும் புதிது. ஐம்பது வயதுக்காரருக்குச் சொற்கள் ஆயிரக்கணக்கில் தெரியும், எழுத்துதான் அந்நியம். அணிலும் ஆட்டுக்குட்டியும் வருகிற பக்கத்தை அவர் முன்னால் வைப்பது மரியாதையும் அல்ல.

சோதனையைத் தாளும் பேனாவும் கொடுத்துக் கூட்டமாக நடத்தக் கூடாது. ஒருவரை மட்டும், தனி மூலையில் உட்காரவைத்து, பேச்சில் தொடங்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் போதும். "வீட்ல என்ன பேசுவீங்க? வேற ஏதாச்சும் மொழி படிக்க வருமா? எதைப் படிக்க முடிஞ்சா நல்லாருக்கும்னு நினைக்கிறீங்க?" என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்கள், பின்னால் வரும் எல்லா அட்டைகளுக்கும் விளக்கமாக இருக்கும். இரண்டாவது கேள்வியை விட்டுவிடவே கூடாது. தெலுங்கோ மலையாளமோ படிக்கத் தெரிந்தவரும், பொருள் தெரியாவிட்டாலும் குர்ஆனை அரபியில் ஓதக் கற்றவரும், எழுத்து ஒலியைச் சுமக்கிறது என்ற அடிப்படையை ஏற்கெனவே தாண்டியவர்கள்.

அடுத்தது கண். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. கண்ணாடி இல்லாமலே காலம் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். தாளைக் கையில் வாங்கியதும் தூரத் தள்ளிப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். இதைச் சோதிக்க எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓர் அட்டையில் இடப்பக்கம் ஒரு 'ம'. வலப்பக்கம் ழ, ப, ம, வ என்று நான்கு வடிவங்கள். "இதே மாதிரி அங்க எது இருக்கு, தொட்டுக் காட்டுங்க" என்று கேட்டால் போதும். படிக்கும் அளவு எழுத்தில், மாலை வகுப்பின் அதே விளக்கொளியில் ஒன்றுபோல் இருப்பதைக் காட்ட முடியவில்லையென்றால் முதலில் கண்ணைத்தான் பார்க்க வேண்டும், வாசிப்புச் சோதனை பிறகு. மேசையில் இரண்டு மூன்று பவரில் படிக்கும் கண்ணாடிகள் இருக்கட்டும். கண்ணாடி போட்டதும் முழுப் பத்தியையும் படித்துவிடுகிறவரை எழுத்தே தெரியாதவர்களோடு உட்காரவைத்தால், அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இனி அட்டைகள். எதிலிருந்து ஆரம்பிப்பது? கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பை 2005 முதல் அளந்துவரும் அசர் ஆய்வில் ஒரு நல்ல வழி இருக்கிறது. முதலில் ஒரு சிறு பத்தியைக் கொடுக்கிறார்கள். படித்துவிட்டால் அதைவிடக் கடினமான கதைக்குப் போவார்கள். இல்லையென்றால் சொற்களுக்கு இறங்குவார்கள். ஐந்தில் நான்கு சொற்கள் வரவில்லையென்றால் எழுத்துகளுக்கு. நடுவில் தொடங்கி ஏறுவதோ இறங்குவதோ நேரத்தை மிச்சப்படுத்தும். பெரியவர்களுக்கு மட்டும் இதில் ஒரு மாற்றம் செய்வேன். பத்தியிலிருந்து அல்ல, சொல் அட்டையிலிருந்து தொடங்குவேன். முதல் அட்டையே ஒரு பத்தியாக இருந்தால், பள்ளிக்கூடத்தைப் பற்றிய பழைய பயமெல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்துவிடும், அதற்கப்புறம் தெரிந்த எழுத்தும் வாயில் வராது. வீடு, பால், மருந்து, தொழிலாளி, கொடுத்தார்கள் என்று எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் ஐந்து சொற்கள். நான்கு வந்தால் பத்திக்கு மேலே. வராவிட்டால் எழுத்து அட்டைக்குக் கீழே. தொடர்ந்து மூன்று தடுமாறினால் அந்த அட்டையை எடுத்துவிட வேண்டும்.

எழுத்து அட்டையைத் தயாரிப்பதில்தான் தமிழ் தெரிந்தவரின் கவனம் முழுவதும் போக வேண்டும். 247 எழுத்துகளையும் கேட்க முடியாது, கேட்கவும் தேவையில்லை. இருபது போதும், ஆனால் அவை ஏனோதானோ என்று எடுத்த இருபதாக இருக்கக் கூடாது. முதல் வரிசையில் ப, ம, ட, ர, க. அடுத்ததில் அ, இ, எ, ஆ, ஓ. மூன்றாவதில் கா, தி, மீ, வை, லை. நான்காவதில் கு, ரூ, பெ, தே, கொ. ஒவ்வொரு வரிசையும் ஒரு தனிக் கேள்வி. முதல் வரிசை வெறும் வடிவத்தைக் கேட்கிறது. மூன்றாவது, குறி சேர்ந்தால் ஒலி மாறும் என்பது தெரியுமா என்று கேட்கிறது. நான்காவது வரிசைதான் கடினம். உகர, ஊகாரங்களுக்கு ஒரே குறி கிடையாது. கு, சு, டு, து, ரு ஒவ்வொன்றும் வேறு மாதிரி வளைகிறது, ஒவ்வொன்றையும் தனியாகத்தான் பழக வேண்டும். பெ என்று எழுதும்போது குறி முன்னால் நிற்கிறது, ஆனால் வாயில் பகரம்தான் முதலில் வர வேண்டும். கொ என்பதில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது, அதிலும் பின்னால் நிற்கும் கால் ரகரத்தைப் போலவே இருக்கிறது. 'கொடு' என்பதை ஒருவர் 'கெரடு' என்று படித்தால் அவர் ஒன்றும் தெரியாதவர் அல்ல. இடமிருந்து வலமாக, கண்ணில் பட்டதை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார். ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்துப் பார்க்க மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

மூன்றாவது வரிசையில் 'லை' தனியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன்பே பள்ளியை விட்டவர்கள் இவற்றைப் பழைய வடிவத்தில்தான் கற்றார்கள். 'வை' வந்து 'லை' மட்டும் தடுக்கினால் அவருடைய வயதைக் கேளுங்கள். ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்தால், பழைய 'லை'யை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். சட்டென்று சொல்லிவிட்டால், மறந்துபோன பழைய படிப்பு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் புதிதாகத் தொடங்குகிறவரைவிட மிக விரைவாகத் தேறுவார்.

இவ்வளவும் செய்த பிறகும் சோதனை ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கடைப் பெயர், பேருந்துப் பலகை, மருந்துச் சீட்டு, பிள்ளைகளின் பெயர் என்று முழுச் சொல்லையும் ஒரு படமாகவே மனத்தில் பதித்துக்கொண்டவர்கள் உண்டு. அன்றாடம் பாடும் கவசத்தையோ பைபிள் வசனத்தையோ விரலை ஓட்டியபடி பிசகில்லாமல் 'படித்து'விடுவார்கள். அதனால் சோதனையில் அறிமுகமான எந்த நூல் பகுதியும் இருக்கக் கூடாது. பழகிய சொற்களைப் படமாகப் படிக்கிறாரா, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரா என்பது, அவர் இதுவரை பார்த்தே இராத சொற்களில்தான் தெரியும். அதற்காகப் பொருளில்லாத சொற்களைக் கொடுப்பது வாசிப்புச் சோதனைகளில் வழக்கம். ஆனால் பெரியவர்கள் இதில் சங்கடப்படுகிறார்கள். தங்களை ஏமாற்றப் பார்ப்பதாக நினைக்கிறார்கள், அல்லது தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக அதை மாற்றிவிடுகிறார்கள். இதற்கு ஒரு சுலபமான வழி, அவற்றை ஊர்ப் பெயர்களாகச் சொல்வது. "இதெல்லாம் கற்பனையா வெச்ச ஊர்ப் பேருங்க அக்கா. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. எப்படி வாயில வருதோ அப்படிச் சொல்லுங்க." கொமிடு, தேரூபு, சாவைமு, பீலணை, நெடாகு. சாவைமுவை விட்டுவிட்டு 'சாவி' என்பவர் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறார். நெடாகுவை 'நேடாகு' என்பவர் குறில் நெடில் தவிர மற்றதெல்லாம் அறிந்தவர்.

இந்த அட்டைக்கு மதிப்பெண் போடும்போது தமிழ் எழுத்தின் இயல்பை மறக்கக் கூடாது. 'படம்' என்றும் 'பயம்' என்றும் சொல்லிப் பாருங்கள், முதல் எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. எந்த ஒலி என்பதைச் சொல் தெரிந்தால்தான் முடிவுசெய்ய முடியும். இல்லாத ஊருக்கு அந்த வசதி கிடையாது. கொமிடுவை வல்லோசையில் சொன்னாலும் மெல்ல அழுத்தாமல் சொன்னாலும் சரிதான். இதை முன்கூட்டியே தாளில் எழுதி வைக்காவிட்டால், ஒரே பதிலுக்கு ஒரு தன்னார்வலர் சரி போடுவார், இன்னொருவர் தவறு போடுவார்.

மேலே ஏறியவர்களுக்குப் பத்தி. இப்படி ஒன்று: 'செல்வி வேலை முடிந்து ரேஷன் கடைக்குப் போனாள். கடை பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இன்று கிடங்கில் சரக்கு எண்ணுகிறோம், மாலை ஐந்து மணிக்குத் திறப்போம் என்று அதில் எழுதியிருந்தது. செல்வி பையை மடித்து வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள்.' சுமார் முப்பது சொற்கள், பழைய அளவுகோலின்படி ஒரு நிமிட வாசிப்பு. வேகத்தைச் சுவர்க் கடிகாரத்தில் கண்ணோட்டமாகப் பார்த்தால் போதும். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் நன்றாகப் படிக்கிறவருக்கும் நாக்கு குழறும்.

இங்கே சோதிக்கிறவர்கள் வழக்கமாகத் தவறு போடும் ஒரு விஷயம் இருக்கிறது. தாளில் 'உட்கார்ந்தாள்' என்று இருக்கும், படிக்கிறவர் 'உக்காந்தா' என்பார். 'திறப்போம்' என்று இருக்கும், 'தெறப்போம்' என்பார். இது பிழை அல்ல. எழுத்துத் தமிழைக் கண்ணால் வாங்கி, பொருள் புரிந்து, தன் வாய்ப்பேச்சில் வெளியிடுகிறார். கூட்டிக் கூட்டிப் படிக்கிறவரால் இப்படி மாற்ற முடியாது. எனக்கு இது நல்ல வாசிப்பின் அடையாளம். எதிர்ப்பக்கத்தில், ஒவ்வோர் எழுத்தையும் சுத்தமாக உச்சரித்துவிட்டு, என்ன படித்தோம் என்றே தெரியாமல் நிமிர்கிறவரும் உண்டு.

அதைப் பிரித்தறியத்தான் கேள்விகள். "கடை ஏன் பூட்டியிருந்துச்சு?" "அப்புறம் செல்வி என்ன பண்ணுச்சு?" என்று பேச்சுத் தமிழிலேயே கேட்க வேண்டும். இந்தப் பத்தியில் கடை பூட்டியதற்கான காரணம் கொஞ்சம் எதிர்பாராததாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. "சரக்கு வரலை", "லீவு" என்று பதில் வந்தால், அது வாழ்க்கை அனுபவத்திலிருந்து வந்தது, தாளிலிருந்து வரவில்லை. பெரியவர்களிடம் அனுபவம் அவ்வளவு இருப்பதால், கேள்விகள் நல்லவையா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும். பத்தியைக் காட்டாமல் கேள்வியை மட்டும் நாலைந்து பேரிடம் கேளுங்கள். அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி வாசிப்பைச் சோதிக்கவில்லை, எடுத்துவிடலாம்.

பதில் வராவிட்டால் இன்னொரு படி உண்டு. அதே பத்தியை நாம் படித்துக் காட்டி, அதே கேள்வியைக் கேட்பது. கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் சொன்ன எளிய கருத்து இதற்கு அடிப்படை. படித்துப் புரிந்துகொள்ள இரண்டு திறன்கள் வேண்டும்: எழுத்தைக் கூட்டுவது, கேட்டதைப் புரிந்துகொள்வது. ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. நாம் படித்துக் காட்டியதும் புரிகிறதென்றால் சிக்கல் எழுத்தில். கேட்டும் புரியவில்லையென்றால் சிக்கல் மொழியில். தமிழைத் தாய்மொழியாகப் பேசாதவரை இந்தப் படி இல்லாமல் சோதித்தால் முடிவு நிச்சயம் தவறாகிவிடும்.

அவர்களுக்கென்று ஓர் அட்டை தனியாக வேண்டும். ஒடியா, இந்தி, வங்காளம், தெலுங்கு என்று அந்தப் பகுதியில் புழங்கும் மொழிகளில், தெரிந்தவரைக் கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்: 'சிவப்புக் கோப்பையை எடுத்துப் புத்தகத்தின் மேல் வையுங்கள்.' மேசையில் இரண்டு கோப்பையும் ஒரு புத்தகமும். அவர் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிவப்புக் கோப்பையை எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்தால், அந்த மொழியில் படித்துப் புரிந்துகொள்கிறார் என்று தெரிந்துவிடும். சோதிப்பவருக்கு ஒடியா தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

இப்போது முதலில் சொன்ன மூவரையும் இந்த வழியில் அனுப்பிப் பார்ப்போம். மூன்றாவதோடு நின்ற அம்மாவுக்கு 58 வயது. கண்ணாடி கொடுத்த பிறகு 'வீடு', 'பால்' இரண்டும் வந்தன. எழுத்து அட்டையில் முதல் இரண்டு வரிசையும் முழுக்கச் சரி. மூன்றாவதில் லை மட்டும் நின்றது, பழைய வடிவத்தை எழுதிக் காட்டியதும் வந்தது. நான்காவதில் கு மட்டும் சரி. ஊர்ப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை, ஆனால் ஒவ்வொன்றையும் கூட்டப் பார்த்தார். கையெழுத்து போடத் தெரிந்தவர் சொல் அட்டையில் நான்கைச் சரியாகச் சொன்னார், தடுக்கியது 'தொழிலாளி' மட்டும். கணக்குப்படி இவர் அந்த அம்மாவைவிட மேல். ஆனால் பத்திக்குப் போனதும் 'செல்வி'யைச் 'செல்வம்' என்றார், 'கிடங்கில்' என்பதைக் 'கிணற்றில்' என்றார். ஊர்ப் பெயர் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஓர் எழுத்தையும் முயலாமல் திருப்பிக் கொடுத்தார். அவர் பெயரில் வரும் 'மா'வை 'மாம்பழம்' என்ற சொல்லில் காட்டச் சொன்னபோது காட்டத் தெரியவில்லை. தன் பெயரை அவர் எழுதவில்லை, வரைகிறார். ஒடிசா இளைஞரோ தமிழ் எழுத்து இருபதில் இரண்டுதான் சொன்னார், ஆனால் கோப்பையைத் தயங்காமல் புத்தகத்தின் மேல் வைத்தார். பத்தியைப் படித்துக் காட்டியபோது இரண்டு கேள்விக்கும் உடைந்த தமிழில் பதில் சொன்னார்.

மொத்த மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் இளைஞர் கடைசி, கையெழுத்துக்காரர் முதல். தடுக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் வரிசை புரண்டுவிடுகிறது. எழுத்தின் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியவர் கையெழுத்துக்காரர் ஒருவர்தான். அவருக்குத் தெரிந்த கடைப் பெயர்களையே முதல் பாடமாக வைத்து, அவற்றை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டலாம். அம்மாவுக்கு வேண்டியது நான்காவது வரிசைக் குறிகளும் கூட்டிப் படிக்கும் பழக்கமும். இளைஞருக்குக் குறி சேர்ந்தால் ஒலி மாறும் என்ற கருத்து ஒடியாவிலேயே கிடைத்துவிட்டது, புதிய வடிவங்களை வேகமாகக் கொடுத்தால் சில வாரங்களில் அம்மாவின் குழுவைத் தாண்டிவிடுவார். அவரை அம்மாவின் குழுவில் சேர்த்து, வடிவங்களுக்குத் தனியாகக் கொஞ்சம் நேரம் ஒதுக்குவது நல்லது.

எத்தனை குழு என்பதை ஆசிரியர்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். இரண்டு ஆசிரியர் இருக்கும் இடத்தில் ஆறு நிலை வகுத்து ஒரு பயனும் இல்லை. இரண்டு குழுவுக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூடக்குறைய இருப்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இரண்டு குழுவின் பாடப் பக்கத்தையும் அவர் முன்னால் வைத்து, "இதுல எங்க உக்காந்தா உங்களுக்குத் தோதா இருக்கும்?" என்று கேட்டுவிடலாம். பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார்கள்.

சோதனை சரியாக வேலை செய்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். முதலில் வரும் சிலரை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தனித்தனித் தாளில் மதிப்பிடட்டும். எந்த எழுத்தில் இருவரும் வேறுபடுகிறார்களோ அங்கே விதி தெளிவாக இல்லை. அட்டைகளுக்கு இரண்டு தொகுதி இருக்க வேண்டும், வெளியே காத்திருப்பவர்களிடம் உள்ளே போய் வந்தவர்கள் ஊர்ப் பெயர்களைச் சொல்லிவிடுவார்கள். மூன்று வாரம் கழித்து, "யார் இங்கே இருக்க வேண்டியவர் அல்ல?" என்று ஆசிரியர்களைக் கேட்க வேண்டும். இரு பக்கமும் ஓரிருவர் என்றால் அது இயல்பு, ஆளை மாற்றினால் போதும். எல்லோரும் ஒரே பக்கமாக, தேவைக்குக் கீழான குழுவில் இருந்தால், ஐந்தில் நான்கு என்று வைத்த கோட்டைத்தான் மாற்ற வேண்டும். ஒழுங்காக வந்தும் ஒரே வடிவத்தில் மாதக்கணக்கில் தடுமாறுகிறவருக்கு வேறு சிக்கல் இருக்கலாம். கற்றல் குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் திறன் பதினைந்து நிமிட அட்டைகளுக்குக் கிடையாது, அவரை அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் அனுப்ப வேண்டும்.

சோதனை முடிந்ததும் ஆசிரியர் கைக்கு ஒரு சீட்டு போகிறது. அதில் மதிப்பெண் இருக்காது. அந்த அம்மாவின் சீட்டில் இப்படி எழுதியிருக்கும்: 'கண்ணாடி தேவை. அகர, ஆகார, இகர வரிசை தெரியும். ரூ, பெ, தே, கொ தெரியாது. பழைய லை தெரியும். கூட்டப் பார்க்கிறார். பேரன் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியைப் படிக்க ஆசை.'